ஏற்காட்டில் காலரா வந்தால் ஜெனீவாவுக்குச் சொல்லியாக வேண்டுமா?

கேள்வி: “சார், எங்க ஊரு ஏற்காட்டு மலையில எஸ்டேட் பக்கம். ரெண்டு வாரமா பதினஞ்சு பேருக்கு வாந்தி பேதி, வயசான ஒருத்தர் இறந்துட்டார். ஒருத்தருக்குக் காலரான்னு ரிப்போர்ட் வந்ததாப் பேச்சு. காலரா வந்தா 24 மணி நேரத்துல உலக சுகாதார நிறுவனத்துக்குச் சொல்லியே ஆகணும், சொன்னா எமர்ஜென்சி அறிவிச்சிடுவாங்க, அதனாலதான் மறைக்கிறாங்கன்னு டீக்கடையில பேசிக்கிறாங்க. இது நிஜமா? கோடை விழா வேற வருது, கடை வெச்சிருக்கிறவங்க பயந்துபோய் இருக்கோம்.”

டீக்கடைக்காரர் சொன்னதில் பாதி ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. 1969-ல் வந்த பழைய சர்வதேச சுகாதார விதிமுறைகள் கடைசியில் மூன்று நோய்களை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றன: காலரா, பிளேக், மஞ்சள் காய்ச்சல். அப்போது ஒரு காலரா நோயாளி இருந்தாலும் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமையகமான ஜெனீவாவுக்குத் தகவல் போக வேண்டும். 2005-ல் அந்த விதிகளைத் திருத்தி எழுதினார்கள். 2007 ஜூன் 15 முதல் புதியது நடைமுறைக்கு வந்தது. இப்போது காலரா என்ற பெயரைக் கேட்டதுமே மணி அடிப்பதில்லை. நான்கு கேள்விகள் கேட்டுப் பார்க்க வேண்டும். 24 மணி நேரம் என்பது நிஜம்தான், ஆனால் அந்தக் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதில்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சொல்லாமல் மறைக்கும் நாட்டுக்குத் தண்டனை என்று எதுவும் இல்லை.

சேலத்தில் மாவட்டக் கண்காணிப்புப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் ஊர் விஷயத்தை வைத்தே சொல்கிறேன்.

முதலில், யார் யாருக்குச் சொல்கிறார்கள்? சர்வதேச விதியின்படி சொல்ல வேண்டிய கடமை இந்திய அரசுக்கு. சேலம் கலெக்டருக்கும் இல்லை, சென்னைக்கும் இல்லை. ஒவ்வொரு நாடும் இதற்கென்று ஒரு அலுவலகத்தைத் தொடர்பு மையமாகக் காட்ட வேண்டும். இருபத்து நாலு மணி நேரமும் அங்கே போன் எடுக்க ஆள் இருக்க வேண்டும். நம் நாட்டுக்கு அது டெல்லியில் உள்ள தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம். உங்கள் ஊரிலிருந்து அங்கே போகும் பாதையில் முதல் ஆள் கிராம சுகாதார செவிலியர். வீடு வீடாகப் போகும்போது “இந்தத் தெருவில் இத்தனை பேருக்குப் பேதி” என்று அவர் பதிவு செய்வது ஒரு படிவம். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் பரிசோதித்து எழுதுவது இன்னொன்று. ஆய்வகம் உறுதி செய்து எழுதுவது மூன்றாவது. முன்பு வாரம் ஒருமுறை காகிதத்தில் போனது, 2021-லிருந்து ஐ.எச்.ஐ.பி. என்ற இணையத் தளத்தில் அன்றாடம் ஏறுகிறது. ஒரே ஊரில் எண்ணிக்கை சட்டென்று ஏறினால் மாவட்டத்திலிருந்து விரைவு நடவடிக்கைக் குழு கிளம்பும். இவ்வளவும் உள்நாட்டு ஏற்பாடு. காலரா நம் மாநிலத்தின் 1939-ம் வருடப் பொது சுகாதாரச் சட்டத்தின்படி கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய். ஜெனீவாவுக்குப் போகிறதோ இல்லையோ, சேலத்துக்கும் சென்னைக்கும் தகவல் போயே தீர வேண்டும். இதை யாராவது மறைத்தால் அது உண்மையிலேயே தவறு.

“ரிப்போர்ட் வந்ததாப் பேச்சு” என்றீர்களே, அங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். காலராவா, சாதாரணப் பேதியா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கஞ்சித் தண்ணீர் மாதிரி பேதி போனால் சந்தேகப்படலாம், அவ்வளவுதான். ஆசனவாயில் ஒரு பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்து, கேரி-பிளேர் என்ற கூழ் போன்ற ஊடகம் உள்ள சின்னக் குழாயில் குத்தி, பெயர், தேதி ஒட்டி, கீழே சேலத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கூழில் கிருமி சில நாள் உயிரோடு இருக்கும். ஏற்காட்டிலிருந்து இருபது ஊசி முனை வளைவு இறங்கி வந்தாலும் கெடாது. ஆய்வகத்தில் பச்சை நிற ஊடகத் தட்டில் தேய்த்து ஒரு இரவு வைத்தால், காலரா கிருமி இருக்கும் இடத்தில் மஞ்சளாகப் புள்ளிகள் எழும். பிறகு ஓ1 என்ற காலரா கிருமி வகைக்கான எதிர்சீரத்தை விட்டுத் திரிகிறதா என்று பார்த்து உறுதி செய்வார்கள். ஆக, இரண்டு நாளாவது ஆகும். பத்து நிமிடத்தில் கோடு விழும் கிட் சந்தேகத்தைக் கூட்டலாம், உறுதி ஆகாது.

இதில் எங்கே தப்பு நடக்கும் தெரியுமா? மாத்திரையில். நான் வேலையில் இருந்தபோது ஒரு மலைக் கிராமத்தில் முகாம் போட்டார்கள். நல்ல மனதோடு, வந்த எல்லோருக்கும் முதலில் கிருமியைக் கொல்லும் டாக்ஸிசைக்ளின் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, மறுநாள் சாவகாசமாகக் குச்சி எடுத்தார்கள். பத்துக் குழாய் வந்தது, ஒன்றில்கூட எதுவும் வளரவில்லை. “காலரா இல்லை” என்று அறிக்கை எழுதியாயிற்று. யாரும் பொய் சொல்லவில்லை, எதையும் மறைக்கவில்லை, ஆனாலும் உண்மை அந்தக் குழாய்க்குள் வந்து சேரவே இல்லை. உங்கள் ஊரில் இல்லை என்று சொன்னாலும், இருக்கிறது என்று சொன்னாலும், குச்சி எடுத்தது மாத்திரைக்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே பாதி தெளிந்துவிடும்.

சரி, உறுதியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பதினைந்து பேர், ஒரு சாவு, ஒரு தட்டில் காலரா. இப்போது டெல்லியில் இருப்பவர் விதிமுறைகளின் இரண்டாம் இணைப்பை எடுத்து வைத்துக்கொண்டு நான்கு கேள்வி கேட்பார். பொது சுகாதாரத்தின் மீது இதன் தாக்கம் கடுமையானதா? இது வழக்கத்துக்கு மாறானதா, எதிர்பாராததா? எல்லை தாண்டிப் பரவ கணிசமான வாய்ப்பு உண்டா? இதனால் பயணத்துக்கோ வணிகத்துக்கோ பிற நாடுகள் தடை போட வாய்ப்பு உண்டா? நான்கில் ஏதேனும் இரண்டுக்கு ஆமாம் என்றால் அறிவிக்க வேண்டும். காலரா இந்தக் கேள்விகளைக் கட்டாயம் கேட்டே ஆக வேண்டிய நோய்களின் பட்டியலில் இருக்கிறது. அதாவது, “நம்ம ஊரில் வருவதுதானே” என்று கேள்வியே கேட்காமல் விடக் கூடாது. ஆனால் கேட்ட பிறகு பதில் இல்லை என்று வரலாம்.

உங்கள் ஊருக்குக் கேட்டுப் பார்ப்போம். தாக்கம்: ஒரு உயிர் போயிருக்கிறது, மலைப் பகுதி, ஆஸ்பத்திரி தூரம். ஆனாலும் உப்பு சர்க்கரைக் கரைசலும் குளுக்கோஸ் பாட்டிலும் மாவட்டத்திலேயே இருக்கிறது, வெளியிலிருந்து உதவி தேவைப்படவில்லை. ஒருவர் ஆமாம் என்பார், ஒருவர் இல்லை என்பார். நான் ஆமாம் என்றே வைப்பேன். வழக்கத்துக்கு மாறானதா? இந்தியாவில் காலரா ஆண்டுதோறும் எங்கேயாவது தலைகாட்டுகிற நோய். ஊற்றுத் தண்ணீரைக் குடிக்கும் மலைக் கிராமத்தில் அது வந்ததில் புதுமை இல்லை. இல்லை. எல்லை தாண்டுமா? நோயாளிகள் எல்லாம் எஸ்டேட் வேலைக்காரர்கள், ஒரே ஊற்றைக் குடித்தவர்கள், வெளிநாட்டுத் தொடர்பு இல்லை. இல்லை. தடை வருமா? காலராவுக்காகப் பயணத்தையோ சரக்கையோ நிறுத்தத் தேவையில்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. காலரா தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பதை 1973-லேயே விதியிலிருந்து எடுத்துவிட்டார்கள். இல்லை. நான்கில் ஒன்று. அறிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஜெனீவாவுக்குச் சொல்லாததால் மறைத்தார்கள் என்று ஆகாது.

இப்போது ஒரே ஒரு விவரத்தை மாற்றுங்கள். ஏற்காட்டில் விடுதிப் பள்ளிகள் உண்டு, வெளிநாட்டில் வாழும் குடும்பத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அதே ஊற்றுத் தண்ணீர் லாரியில் ஒரு விடுதிக்கும் போகிறது, லீவுக்கு மலேசியாவுக்கோ துபாய்க்கோ போன ஒரு மாணவனுக்கு அங்கே போனதும் பேதி கண்டு, அங்கே காலரா என்று உறுதியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் ஆமாம் என்று மாறிவிட்டது. ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, இரண்டாகிவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், நாம் சொல்லும் முன் அவர்கள் சொல்லிவிடலாம். தன் எல்லைக்கு வெளியே இருந்து நோய் வந்திருக்கிறது என்று சான்று கிடைத்தால் அந்த நாடு 24 மணி நேரத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஒன்பதாவது பிரிவு சொல்கிறது. நிறுவனம் டெல்லியைக் கேட்கும், டெல்லி 24 மணி நேரத்துக்குள் முதல் பதிலாவது தர வேண்டும். டெல்லி சென்னையைக் கேட்கும், சென்னை சேலத்தைக் கேட்கும், சேலம் மலைக்கு ஜீப் அனுப்பும். செவிலியரின் பதிவு அன்றைக்கே ஏறியிருந்தால் பதில் கையில் இருக்கும். இல்லையென்றால், துபாய்க்காரர் சொல்லித்தான் நம் ஊர்ப் பேதி நமக்கே தெரிய வரும்.

நாட்டு அரசு சொல்வதை மட்டுமே நிறுவனம் கேட்க வேண்டும் என்ற பழைய கட்டு 2005-ல் அவிழ்ந்ததற்குக் காரணம் சார்ஸ் என்ற நுரையீரல் நோய். 2002 நவம்பரில் சீனாவின் குவாங்டாங்கில் தொடங்கியது. 2003 பிப்ரவரி 11 அன்று சீனா அதிகாரபூர்வமாகச் சொன்னபோது 305 பேருக்கு நோய், ஐந்து பேர் இறந்திருந்தார்கள். அதற்குள் மின்னஞ்சல்களில் அந்தச் செய்தி உலகம் சுற்றிக்கொண்டிருந்தது. பத்திரிகை, மருத்துவர் குழுக்கள், வேறு நாடு என எங்கிருந்து வந்த தகவலானாலும் எடுத்துக்கொண்டு நாட்டிடம் சரிபார்க்கலாம் என்று அதன் பிறகு விதி வந்தது.

எதிர்ப்புறம் ஒரு உதாரணம் சொன்னால் அளவு புரியும். மலை இறங்கி நாமக்கல் பக்கம் போங்கள். ஒரு கோழிப் பண்ணையில் வேலை செய்யும் ஒருவருக்குக் காய்ச்சல், நிமோனியா, சோதனையில் ஹெச்5என்1 பறவைக் காய்ச்சல் என்று உறுதியாகிறது என்று வையுங்கள். ஒரே ஒரு ஆள், பிழைத்துக்கூட விடலாம். இங்கே நான்கு கேள்வி கிடையாது. பெரியம்மை, இயற்கை வகை போலியோ, மனிதரிடம் புது வகை இன்ஃப்ளூயன்சா, சார்ஸ் ஆகிய நான்கும் ஒரு ஆளுக்கு வந்தாலும் நேராக அறிவிக்க வேண்டியவை. 2021 ஜூலையில் டெல்லியில் ஒரு சிறுவன் ஹெச்5என்1-ஆல் இறந்தபோது இந்தியா அப்படித்தான் தெரிவித்தது. பதினைந்து பேரும் ஒரு சாவும் உள்ள உங்கள் ஊர் டெல்லியோடு நின்றுவிடலாம். ஒரு ஆள் மட்டும் உள்ள நாமக்கல் ஜெனீவாவுக்குப் போகும். எண்ணிக்கையை வைத்து இதை அளக்கவே முடியாது.

கடிகாரத்துக்கு வருகிறேன். 24 மணி நேரம் முதல் நோயாளி படுத்த நேரத்திலிருந்து ஓடுவதில்லை. மதிப்பீடு முடிந்து “இது அறிவிக்க வேண்டியது” என்று நாடு முடிவு செய்த நேரத்திலிருந்து ஓடுகிறது. அந்த மதிப்பீட்டுக்கு, அவசரத் தகவல் தேசிய மட்டத்துக்கு வந்ததிலிருந்து 48 மணி நேரம். ஆக, ஊரில் நோய் தொடங்கி இரண்டு வாரம் கழித்து டெல்லிக்குத் தெரிந்து, மூன்றாம் நாள் ஜெனீவாவுக்குப் போனாலும் விதியின் எழுத்துப்படி சரி. என் கணக்கில் இந்த விதியின் பெரிய ஓட்டை இதுதான். ஓட்டை டெல்லியில் இல்லை, அந்தப் பஞ்சுக் குச்சிக்கும் முதல் பதிவுக்கும் நடுவே இருக்கிறது. முடிவு செய்ய விவரம் போதவில்லை என்றால்கூட நிறுவனத்தோடு ரகசியமாகக் கலந்து பேசலாம் என்று எட்டாவது பிரிவு கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

மறைத்தால் தண்டனை இல்லை என்றேன். அபராதம் இல்லை, நீதிமன்றத்துக்கு இழுப்பதும் இல்லை. உண்மையைச் சொன்னவர்களுக்குத்தான் அடி விழுந்திருக்கிறது. 1991-ல் பெரு நாட்டில் காலரா வந்தது. அவர்கள் மறைக்கவில்லை, அந்த ஒரு வருடத்தில் 3 லட்சத்துக்கும் மேல் நோயாளிகளைக் கணக்குக் காட்டினார்கள். மற்ற நாடுகள் அவர்கள் மீனை வாங்க மறுத்தன, சுற்றுலா படுத்தது. நஷ்டம் 77 கோடி டாலர் என்று பிற்பாடு கணக்குச் சொன்னார்கள். 2021 நவம்பர் 24 அன்று தென்னாப்பிரிக்கா ஒமைக்ரானைத் தெரிவித்த சில நாட்களுக்குள் பல நாடுகள் அங்கிருந்து வரும் விமானங்களை நிறுத்தின. இதைப் பார்க்கும் அதிகாரி என்ன கற்றுக்கொள்வார்? பல நாடுகள் கற்றுக்கொண்ட வித்தை, காலராவை “கடும் வயிற்றுப்போக்கு” என்று எழுதுவது. அது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை செய்யாமலே விட்டால் அந்தப் பெயர் சட்டப்படியும் நிற்கும். நம் பக்கமும் “வாந்தி பேதி” என்று எழுதுவது சுலபம். (வெட்கப்படாமல் சொல்கிறேன், மேலிடத்தில் கேள்வி வரக் கூடாது என்று அப்படி எழுதச் சொல்லி எனக்கும் போன் வந்ததுண்டு.)

இதற்குப் பதிலாக விதி செய்திருப்பது ஒன்றுதான். நிறுவனத்தின் பரிந்துரையைத் தாண்டிப் பயணத்தையோ சரக்கையோ கணிசமாகத் தடுக்கும் நாடு, 48 மணி நேரத்துக்குள் காரணத்தையும் அறிவியல் ஆதாரத்தையும் எழுதித் தர வேண்டும் என்று 43-ம் பிரிவு சொல்கிறது. 2021-ல் எத்தனை பேர் அதை மதித்தார்கள் என்பதை அன்றைய விமான அட்டவணையே சொல்லும். இந்தப் பிரிவுக்குப் பல் முளைக்காதவரை மறைக்கும் ஆசையும் போகாது என்பது என் எண்ணம்.

எமர்ஜென்சி பற்றிக் கேட்டீர்கள். அந்தச் சொல்லுக்குள் வெவ்வேறு ஆட்கள் ஒளிந்திருக்கிறார்கள். 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவியபோது “பொது சுகாதார அவசரநிலை” என்று அறிவித்தார்கள், பள்ளிகளை மூன்று நாள் மூடினார்கள். அது புதுச்சேரி நிர்வாகம் செய்தது, ஜெனீவாவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் உலகெங்கும் காலராவைத் தன் உள் அளவுகோலில் மிக உயர்ந்த மூன்றாம் தரத்தில் வைத்தது. அது ஆளும் பணமும் ஒதுக்க அவர்கள் வைத்துக்கொள்ளும் வரிசை. நீங்கள் பயப்படுவது மூன்றாவதை, சர்வதேச அக்கறைக்குரிய பொது சுகாதார அவசரநிலை. அதை நிறுவனத்தின் தலைமை இயக்குநர் மட்டுமே அறிவிக்க முடியும். நிபுணர் குழு ஆலோசனை சொல்லும், முடிவு அவருடையது. 2022 ஜூலையில் குரங்கம்மைக்குக் குழு ஒருமித்து வராதபோதும் அவர் அறிவித்தார். 2009-ல் தொடங்கி 2024 முடிய எட்டு முறைதான் அறிவித்திருக்கிறார்கள். காலரா அதில் ஒருமுறைகூட இல்லை. லட்சக்கணக்கில் நோயாளிகள் இருந்த வருடங்களிலும் இல்லை. ஒரு நாடு தகவல் சொல்வது வேறு, அவசரநிலை அறிவிப்பது வேறு. தகவல்கள் எத்தனையோ போகின்றன, பெரும்பாலும் ஒரு பக்கச் செய்திக்குறிப்போடு முடிந்துவிடும்.

அந்த அறிவிப்பு வந்தாலும் ஊர் மூடப்படுவதில்லை. 2020-ஐ நினைத்துப் பாருங்கள். ஜனவரி 22, 23-ல் குழு கூடியது, உறுப்பினர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள், அறிவிக்கவில்லை. ஜனவரி 30 அன்று மறுபடி கூடி அறிவித்தார்கள். கேரளத்தில் இந்தியாவின் முதல் நோயாளி உறுதியானதும் அதே நாள். அன்றைக்குச் சேலத்தில் கடைவீதி வழக்கம்போல நடந்தது. சேலத்தில் நோயாளிகள் தெரிய வந்தது மார்ச் கடைசி வாரத்தில், கிட்டத்தட்ட எட்டு வாரம் கழித்து. சட்டத்தில் இருந்த மிக உயர்ந்த மணி ஜனவரி 30 அன்றே அடித்துவிட்டது; மார்ச் 11 அன்று “பெருந்தொற்று” என்று சொன்னார்களே, அந்தச் சொல்லுக்கு அப்போது விதியில் இடமே இல்லை. ஆனால் உலகம் காதில் போட்டுக்கொண்டது இரண்டாவதைத்தான். அதற்காகவே “பெருந்தொற்று அவசரநிலை” என்று அதற்கு மேலே ஒரு படியைத் திருத்தத்தில் சேர்த்திருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 19 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

உங்கள் கடைக்கு வருகிறேன். கோடை விழாவை நிறுத்த ஜெனீவாவிலிருந்து யாரும் வர மாட்டார்கள். நிறுத்துவதோ நடத்துவதோ கலெக்டர் கையில், அவர் பார்ப்பது தண்ணீரை. உங்கள் ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் மேல்நிலைத் தொட்டி எவ்வளவு லிட்டர் என்று கேளுங்கள். ஆயிரம் லிட்டருக்கு நாலு கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது வழக்கமான கணக்கு, முப்பதாயிரம் லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். போட்டார்களா என்று வாய்வார்த்தை கேட்க வேண்டாம். கடைசி வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்து, குளோரின் அளவு காட்டும் குளோரோஸ்கோப்பில் அதற்கான மருந்தைச் சில சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வரும், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, நோய் இருக்கும் நேரத்தில் 0.5 வரை இருந்தால் நல்லது. நிறமே வரவில்லையென்றால் அன்று சாயங்காலமே பஞ்சாயத்துச் செயலரைப் பிடியுங்கள். ஊற்றிலிருந்து நேராகக் குழாய் போட்டிருக்கும் வீடுகளுக்கு இந்தத் தொட்டி உதவாது. இறந்துபோன பெரியவர் எந்தத் தண்ணீரைக் குடித்தார் என்று விசாரித்தீர்களா?